முதல் ஐந்நூறு கிலோமீட்டர்

புது வண்டியின் சாவியைக் கையில் கொடுக்கும்போது ஷோரூம்காரர் சொல்வது ஒன்றுதான்: "சார், முதல் சர்வீஸ் வரைக்கும் நாற்பதைத் தாண்டாதீங்க." வீட்டுக்கு வந்து இறங்கினால், பக்கத்துத் தெரு நண்பர் வேறு சொல்வார்: "அதெல்லாம் கேக்காதப்பா. ஆரம்பத்துலயே நல்லா முறுக்கி ஓட்டு. இல்லேன்னா வண்டி ஆயுசுக்கும் மந்தமாயிடும்." இரண்டு பேரும் தங்கள் அனுபவத்தைச் சாட்சிக்கு இழுப்பார்கள். மெதுவாக ஓட்டி இருபது வருஷம் வைத்திருந்தவரும் உண்டு, முதல் நாளே முறுக்கி இருபது வருஷம் வைத்திருந்தவரும் உண்டு.

இந்தச் சண்டை தீராமல் இருப்பதற்குக் காரணம், இரண்டு பேரும் இன்ஜினின் வெவ்வேறு உறுப்பைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பதே. ஷோரூம்காரர் பேசுவது பிஸ்டனைப் பற்றி. நண்பர் பேசுவது பிஸ்டன் ரிங்கைப் பற்றி. பிஸ்டனுக்குச் சூடு ஆகாது. ரிங்குக்கோ அழுத்தம் வேண்டும். சூடு ஏற்றாமல் அழுத்தம் கொடுப்பது எப்படி என்பதே ரன்னிங்-இன் என்கிற கேள்வி. ஸ்பீடோமீட்டரில் நாற்பதா ஐம்பதா என்பது அதற்கு அப்புறம்தான்.

முதலில் பிஸ்டன். நாற்பதைத் தாண்டாதே என்ற அறிவுரை எங்கிருந்து வந்தது என்று பார்க்க, சென்னை திருவொற்றியூரில் செய்த பழைய புல்லட்டைவிட நல்ல உதாரணம் கிடையாது. 1955-இல் சென்னையில் தொடங்கி, 2000-களின் இறுதி வரை அடிப்படை மாறாமல் வந்த இன்ஜின் அது. 350 மாடலின் சிலிண்டர் விட்டம் 70 மில்லிமீட்டர். சிலிண்டர் வார்ப்பிரும்பு, உள்ளே ஓடும் பிஸ்டன் அலுமினியம். அலுமினியம் சூட்டில் இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். 100 டிகிரி சூடு ஏறினால் 70 மில்லிமீட்டர் பிஸ்டன் சுமார் 0.15 மில்லிமீட்டர் பெருக்கும். அதே சூட்டில் சிலிண்டரின் துளை பெருப்பது சுமார் 0.08 மில்லிமீட்டர்தான். வித்தியாசம் 0.07, அதாவது ஒரு தலைமுடியின் தடிமன்.

இரண்டும் ஒரே அளவு சூடாகும் என்று வைத்துப் போட்ட கணக்கு இது. உண்மையில் அப்படி ஆவதில்லை. சிலிண்டருக்கு வெளியே துடுப்புகள் உண்டு, காற்று அடிக்கும். பிஸ்டனுக்கு அந்த வசதி இல்லை. முறுக்கினால் பிஸ்டன் சட்டென்று சூடாகும், சிலிண்டர் நிதானமாகத்தான் பின்தொடரும். புதுப் பிஸ்டனின் பக்கவாட்டில் கண்ணுக்குத் தெரியாத மேடுகள் சில இருக்கும். இடைவெளி சுருங்கும்போது அந்த மேடுகள் ஆயில் படலத்தைக் கிழித்துக்கொண்டு சிலிண்டரில் உரசும். உரசிய இடம் மேலும் சூடாகும், சூடான இடம் மேலும் பெருக்கும். அலுமினியம் உருகிச் சுவரில் அப்பிக்கொண்டால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். மெக்கானிக்குகள் 'சீஸ் ஆயிடுச்சு' என்பது இதைத்தான். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் இது நடக்கக்கூடிய ஆபத்தாக இருந்ததால்தான் அப்படி ஒரு கட்டுப்பாடு பழகிப்போனது.

இனி ரிங். பிஸ்டனைச் சுற்றி இருக்கும் மேல் ரிங், தன் ஸ்பிரிங் பலத்தால்தான் சுவரை அழுத்திக்கொண்டிருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அந்தப் பலம் கொஞ்சம்தான். உண்மையான அழுத்தம் எரியும் வாயுவிலிருந்து வருகிறது. பெட்ரோல் வெடிக்கும்போது எழும் அழுத்தம் ரிங்கின் மேல் இடுக்கு வழியாக அதன் முதுகுப் பக்கம் புகுந்து, ரிங்கை வெளியே தள்ளிச் சுவரோடு சேர்த்து அமுக்கும். ஆக்சிலேட்டரை நன்றாகத் திறந்தால் இந்த அழுத்தம் காற்றழுத்தத்தைப் போல நாற்பது மடங்கைத் தாண்டும். ஐடிலில் ஓடும்போது அதில் ஒரு சிறு பங்குதான் இருக்கும்.

சிலிண்டர் சுவர் வழுவழுப்பானதல்ல. ஹோனிங் கற்களால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறல்கள் போட்டிருப்பார்கள். கீறலின் பள்ளங்கள் ஆயிலைப் பிடித்து வைக்கும், மேட்டின் நுனிகள் ரிங்கின் முகத்தைத் தேய்த்து, தாமும் தேயும். அம்மிக்கும் குழவிக்கும் உள்ள உறவு மாதிரி: கொத்தாத அம்மியில் அரையாது, கொத்தின அம்மியும் முதல் சில நாள் அரைத்துத் தள்ளினால்தான் குழவியோடு பழகும். வேலை சரியாக நடந்தால் ரிங் சுற்றுவட்டம் முழுக்கச் சுவரோடு படியும். இதற்குப் போதிய அழுத்தம் இல்லையென்றால், மேடுகள் தேய்வதற்கு முன்னால், பள்ளத்தில் நிற்கும் ஆயில் சூட்டில் வார்னிஷ் போலக் காய்ந்து சுவரைக் கண்ணாடி மாதிரி ஆக்கிவிடும். பட்டறையில் இதை 'கிளேஸ்' என்பார்கள். அதற்கப்புறம் ரிங் எதையும் தேய்க்க முடியாது. ஆயில் மேலே ஏறி எரியும், வாயு கீழே இறங்கும். வண்டி நீலப்புகை தள்ளும்.

மெதுவாக ஓட்டுவதே பாதுகாப்பு என்று நம்புகிறவர்கள் விமானக்காரர்களைப் பார்க்க வேண்டும். செஸ்னா 172 போன்ற சிறு விமானங்களில் இருக்கும் லைகமிங் இன்ஜின்களும் காற்றால் குளிர்பவைதான். புது சிலிண்டர் போட்டால் முதல் பறத்தல்களில் சக்தியை 65 முதல் 75 சதவீதத்துக்குக் கீழே வைக்காதே என்பது அங்கே விதி. தரையில் வீணாக ஓடவிடுவதும் கூடாது. பெரும்பாலான மாடல்களில் முதல் 50 மணி நேரம், அல்லது ஆயில் செலவு ஒரு நிலைக்கு வரும்வரை, கழுவும் ரசாயனம் கலக்காத வெறும் மினரல் ஆயில்தான் ஊற்றுவார்கள். நம் ஊர்க் கல்யாண மண்டப ஜெனரேட்டர்களிலும் இதே கதையை மறுபக்கத்திலிருந்து பார்க்கலாம். நாலு ட்யூப்லைட்டுக்கும் ஒரு ஃபேனுக்கும் மட்டும் மாதக்கணக்கில் ஓடிய டீசல் இன்ஜின், கடினமாக உழைத்த இன்ஜினைவிடச் சீக்கிரம் ஆயில் குடிக்க ஆரம்பிக்கும்.

அப்படியானால் நண்பர் சொன்னதுதான் சரியா? பாதி சரி. ரிங்குக்கு வேண்டியது அழுத்தம். அதை ஒரேயடியாகப் பத்து நிமிஷம் கொடுத்தால் பிஸ்டன் தாங்காது. பத்து விநாடி கொடுத்துவிட்டு, பத்து விநாடி ஆறவிட்டால் இரண்டு பேருக்கும் வேண்டியது கிடைக்கும். ஆக்சிலேட்டரை மூடி, கியரிலேயே வண்டியை இழுத்துக்கொண்டு போகவிட்டால் இன்னொரு நன்மையும் உண்டு. சிலிண்டருக்குள் வெற்றிடம் உண்டாகி, கீழிருந்து கொஞ்சம் ஆயில் ரிங் பக்கம் ஏறும். அது ரிங்கைக் குளிர்வித்து, தேய்ந்த துகளையும் கழுவிக்கொண்டு போகும்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இன்று தொழிற்சாலையிலிருந்து வரும் வண்டிக்கு இந்த நாடகத்தில் பாதி தேவையில்லை. கீறல் போட்டபின் அதன் கூரிய நுனிகளை மட்டும் மென்மையான கல்லால் சீவிவிடும் முறை வந்து பல வருஷம் ஆகிறது. ரிங் செய்ய வேண்டிய தேய்ப்பில் பெரும்பகுதியை இயந்திரமே முடித்துவிடுகிறது. பிஸ்டனையும் வட்டமாகச் செய்யாமல், சூட்டில் பெருத்தபின் வட்டமாகும்படி லேசான நீள்வட்டமாகவும் பீப்பாய் போலவும் கடைகிறார்கள். ஆகவே புது வண்டியில் கையேடு சொல்கிற வேகத்துக்குள், ஒரே வேகத்தில் நிலையாக ஓட்டாமல், கியரை மாற்றி மாற்றி, ஏற்றத்தில் டாப் கியரில் முக்கவிடாமல் ஓட்டினால் போதும். முறுக்குவதைவிட இந்த முக்கவிடுவதுதான் அதிகம் கெடுக்கும். இருபத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில் டாப் கியர், பின்னால் ஒரு ஆள், எதிரே மேம்பாலம். வேகம் நாற்பதைத் தாண்டவில்லை, விதி மீறவில்லை. ஆனால் பிஸ்டனுக்கு அதைவிடக் கொடுமை வேறு இல்லை.

ரன்னிங்-இன் உண்மையிலேயே உயிர் விஷயமாக இருப்பது லேத் பட்டறையில் போர் செய்து வந்த இன்ஜினில்தான். அங்கே நுனி சீவும் நுணுக்கம் பெரும்பாலும் கிடையாது. கழுவுவதும் அவசரமாக நடக்கும். என்னிடம் இருந்த 97 சிசி வண்டி புகை தள்ள ஆரம்பித்தபோது இதை நேரில் பார்த்தேன். அந்த இன்ஜினின் சிலிண்டர் விட்டம் 50 மில்லிமீட்டர். தேய்மானம் அதிகம் என்பதால் 0.25 ஓவர்சைஸ் தாங்காது என்று அளந்து சொல்லி, 0.50-க்குப் போர் செய்து, 50.50 பிஸ்டனும் புது ரிங் செட்டும் வாங்கினோம்.

முதல் தவறு நடக்க இருந்தது கழுவும் இடத்தில். ஹோன் செய்த சிலிண்டரை மெக்கானிக் பெட்ரோலில் அலசித் துணியால் துடைத்து நீட்டினார். பார்க்கப் பளிச்சென்று இருந்தது. சுத்தமான வெள்ளை பனியன் துணியில் இரண்டு சொட்டு ஆயில் விட்டுச் சுவரைத் தேய்த்தேன். துணி கறுஞ்சாம்பல் ஆயிற்று. ஹோனிங் கல்லின் பொடி அது. பெட்ரோல் எண்ணெய்ப் பசையைத்தான் எடுக்கும், கீறலுக்குள் உட்கார்ந்திருக்கும் கல்பொடியை அங்கேயே விட்டுவிடும். வெந்நீரும் துணி சோப்பும் போட்டு பிரஷ்ஷால் தேய்த்தால் நுரை அந்தப் பொடியைத் தூக்கிக்கொண்டு வரும். மூன்று தடவை கழுவியபின் துணி வெள்ளையாகவே வந்தது. உடனே துடைத்து ஆயில் பூசிவிட வேண்டும். இல்லாவிட்டால் அரைமணியில் துரு பிடிக்கும்.

மாட்டி முடித்ததும் அவர் சொன்னார்: "சார், ஒரு மணி நேரம் ஐடில்ல விட்டுட்டுப் போங்க. நான் ஃபேன் போட்டு வைக்கிறேன். தானா செட் ஆயிடும்."

"வேணாண்ணே. ஆயில் லீக் இருக்கான்னு ரெண்டு நிமிஷம் பாத்துட்டு நான் ஓட்டிட்டு வர்றேன்."

"புது போர் சார். ஜாம் ஆனா என்னைக் கேக்கக் கூடாது."

அவர் பயம் நியாயமானது. பட்டறைக்குப் பட்டறை இந்த ஐடில் வைத்தியம் நடக்கிறது, பெரும்பாலும் ஒன்றும் ஆவதும் இல்லை. ஆனால் ரிங் படிய வேண்டிய முதல் மணி நேரத்தை அழுத்தமே இல்லாமல், போதிய காற்றும் இல்லாமல் கழிப்பது, நல்ல விதையை நிழலில் ஊன்றுகிற மாதிரி.

பிளக்கைக் கழற்றிவிட்டு முப்பது நாற்பது கிக் அடித்தோம், பம்பு ஆயிலை மேலே ஹெட் வரைக்கும் ஏற்றட்டும் என்று. பிறகு பிளக் போட்டு ஸ்டார்ட் செய்து, கசிவு இல்லை என்று பார்த்துவிட்டு ஊருக்கு வெளியே போனேன். ஐந்து கிலோமீட்டர் சும்மா சூடாகும்வரை. அதன்பின் மூன்றாவது கியரில் முப்பதிலிருந்து நாற்பத்தைந்து வரை, ஆக்சிலேட்டரைப் பாதிக்கு மேல் திறந்து இழுத்தேன். அங்கிருந்து முழுக்க மூடி, கியரிலேயே முப்பதுக்கு இறங்கவிட்டேன். இப்படிப் பன்னிரண்டு தடவை. பிறகு ஒரு டீக்கடையில் நிறுத்தி, துடுப்பில் கை வைக்கிற அளவுக்கு ஆறும்வரை காத்திருந்தேன். திரும்பி வரும்போது இன்னொரு பன்னிரண்டு, இந்த முறை கொஞ்சம் அதிகம் திறந்து. அன்று மொத்தம் நாற்பத்து எட்டு கிலோமீட்டர் ஓடியிருந்தது.

சூடு குறைவதற்குள் பட்டறையிலேயே ட்ரெயின் போல்ட்டைக் கழற்றச் சொன்னேன். மெக்கானிக் என்னைப் பார்த்த பார்வையில், 'பணம் அதிகமா இருக்கு போல' என்பது எழுதியிருந்தது. காலையில் தேன் நிறத்தில் ஊற்றிய ஆயில் சாம்பல் பூத்து வந்தது. தட்டில் வெயில் பட்டதும் ஜிகினாப் பொடி மாதிரி மினுங்கியது. ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தத்தை ஒரு பாலித்தீன் பையில் போட்டு ஆயிலில் அலசினோம். கருப்பு மாவு அப்பிக்கொண்டது. அது ரிங்கும் சிலிண்டரும் தேய்ந்த இரும்பு. காந்தத்தில் ஒட்டாமல் தட்டில் மினுங்கிக்கொண்டே இருந்தது பிஸ்டனின் அலுமினியம். நாற்பத்து எட்டு கிலோமீட்டரில் இவ்வளவு.

முதல் ஆயில் ஏன் முக்கியம் என்பதற்கு அந்தத் தட்டே போதும். ஆனால் அதன் பின்னுள்ள கணக்கைப் பார்த்தால்தான் எல்லா வண்டிக்கும் ஒரே விதி பொருந்தாது என்பது புரியும். தேய்மானம் எப்போதும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை. முதல் சில மணி நேரத்தில் மிக அதிகமாக இருந்து, பிறகு வேகமாகக் குறைந்து, ஒரு சிறு அளவில் நிலைத்துவிடும். ஆக முதல் ஆயிலில் சேரும் உலோகப் பொடி, பின்னால் வரும் எந்த ஆயிலிலும் சேராது. அந்தப் பொடி எங்கே போகிறது என்பதுதான் கேள்வி.

காரில் அது காகித ஃபில்டரில் மாட்டும். மூன்று நாலு லிட்டர் ஆயிலில் பரவி நீர்த்தும் போகும். கியர்பாக்ஸுக்குத் தனி ஆயில். நம் நூறு சிசி வண்டிகள் பலவற்றில் காகித ஃபில்டரே கிடையாது. அடியில் ஒரு கம்பி வலை, கிராங்கின் முனையில் ஒரு சுழல் கிண்ணம், அவ்வளவுதான். வலை பெரிய துணுக்கைத் தடுக்கும். கிண்ணம் சுழலும் வேகத்தில் கனமான துகளை ஓரத்தில் அப்ப வைக்கும். நுண்ணிய பொடி இரண்டையும் கடந்து சுற்றிக்கொண்டே இருக்கும். உராயும் பாகங்களுக்கு நடுவே ஆயில் படலம் சில மைக்ரான்தான். அந்தப் படலத்தின் தடிமனுக்குச் சமமான துகள்தான் அதிகம் கெடுக்கும். அதைவிடப் பெரியது இடுக்கில் நுழையாது, மிகச் சிறியது தொடாமல் போய்விடும்.

மொத்த ஆயிலும் ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவு. அதே ஆயிலில்தான் கியரும் குளிக்கிறது, கிளட்ச்சும் குளிக்கிறது. புதுக் கியர்ப் பற்கள் ஒன்றோடொன்று பழகும்போது உதிரும் பிசிறு, கிளட்ச் தகட்டின் நார்ப்பொடி, பாகங்களை ஒட்டிய பசையின் துணுக்கு, கழுவிப் போகாத ஹோனிங் பொடி எல்லாம் அந்த முக்கால் லிட்டர் சொச்சத்துக்குள்தான். இதனால்தான் இரு சக்கர வண்டிக் கையேடுகள் முதல் ஆயிலை 500-இலிருந்து 1,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கின்றன. அதன்பின் இடைவெளி பல மடங்காகிறது. புது வண்டி வாங்கியவர்கள் முதல் சர்வீஸை 1,500 வரை தள்ளிப்போடுவதைப் பார்க்கிறேன். வேகக் கட்டுப்பாட்டை விரதம் மாதிரிக் காத்துவிட்டு, ஆயிலில் கோட்டை விடுகிறார்கள். இரண்டில் ஒன்றைத்தான் சரியாகச் செய்ய முடியும் என்றால், நான் ஆயிலைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

காரில் நிலைமை வேறு. ஹோண்டா தன் கார்க் கையேடுகளில், குறித்த சர்வீஸுக்கு முன் முதல் ஆயிலை மாற்றாதே என்றே சொல்லியிருக்கிறது. அந்த முதல் ஆயிலில் பாகங்கள் பழகுவதற்கான சேர்மானம் இருக்கும். பைக்குக்குப் பொருந்துவதைக் காருக்கும் இழுத்து, 300 கிலோமீட்டரிலேயே கார் ஆயிலைக் கொட்டுகிறவர்கள் நல்லதென்று நினைத்துச் செய்கிறார்கள், அவ்வளவுதான்.

கார் ஆயிலை பைக்கில் ஊற்றுவது இன்னொரு குழி. எரிபொருள் மிச்சப்படுத்தும் கார் ஆயில்களில் உராய்வைக் குறைக்கும் மருந்து சேர்த்திருப்பார்கள். ஆயிலில் குளிக்கும் கிளட்ச்சுக்கோ உராய்வுதான் உயிர். டப்பாவில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்ற முத்திரை இருக்கிறதா என்று பார்த்து, கையேடு சொல்லும் கிரேடை வாங்கினால் போதும். போர் செய்த வண்டிக்கு முதல் 500 கிலோமீட்டர் சாதாரண மினரல் ஆயில் நல்லது. சீக்கிரமே கொட்டப்போகிற ஆயிலுக்கு விலை உயர்ந்த சிந்தெடிக் எதற்கு?

மாற்றும் முறையில் சறுக்குகிற இடங்கள் சில. இன்ஜின் சூடாக இருக்கும்போதே வடிக்க வேண்டும், ஆறிவிட்டால் பொடி அடியில் படிந்து அங்கேயே நிற்கும். வலையையும் சுழல் கிண்ணத்தையும் முதல் தடவையாவது திறந்து துடைக்கச் சொல்ல வேண்டும். சர்வீஸ் கூட்டத்தில் இது பெரும்பாலும் நடப்பதில்லை. ட்ரெயின் போல்ட்டை பலமாக முறுக்கினால் அலுமினிய மரை போய்விடும், வாஷரைப் புதிதாகப் போட்டு அளவாக இறுக்கினால் கசியாது. பிரித்துப் பூட்டிய இன்ஜினுக்கு, வெறுமனே வடித்து ஊற்றுவதைவிடக் கொஞ்சம் அதிக ஆயில் பிடிக்கும். ஊற்றி, ஸ்டார்ட் செய்து, நிறுத்தி, இரண்டு மூன்று நிமிஷம் விட்டு, நேராக சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திக் குச்சியைப் பார்க்க வேண்டும். பல வண்டிகளில் அளக்கும்போது குச்சியைத் திருகாமல் வைக்க வேண்டும். திருகி வைத்துப் பார்த்தால் இல்லாத ஆயில் இருப்பதாகக் காட்டும்.

வடித்த ஆயிலைப் படிக்கவும் கற்றுக்கொள்ள வேண்டும். விரலில் தேய்த்தால் மாவாக வழுக்கும் சாம்பல் பொடி முதல் தடவை வரவேண்டியதுதான். விரலில் குத்துகிற ஊசி, நகத்தால் எடுக்க முடிகிற செதில் வந்தால் அது பழகுவதல்ல, உடைவது. கியரிலோ பேரிங்கிலோ ஒரு முகம் உரிகிறது என்று அர்த்தம். பால் கலந்த காபி நிறம் வந்தால் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. இரண்டாவது ஆயிலிலும் முதல் தடவை போலவே ஜிகினா மினுங்கினால், ஏதோ ஒன்று இன்னும் தேய்ந்துகொண்டே இருக்கிறது.

ஓட்டும்போது தெரியும் அறிகுறி இரண்டு. நிலையாக இழுத்துக்கொண்டிருக்கும்போது வண்டி திடீரென்று சோர்ந்து, யாரோ பின்னால் பிடித்து இழுப்பதுபோல் தோன்றினால் பிஸ்டன் பிடிக்கப் போகிறது. அந்த நொடியே கிளட்ச்சைப் பிடித்து ஓரம் கட்ட வேண்டும். அரைமணி ஆறவிடாமல் கிக் அடிக்கக் கூடாது. அடித்தால் லேசான கீறலோடு போயிருக்க வேண்டியது, புது சிலிண்டர் செலவில் முடியும். மற்றது இதற்கு நேர்மாறு. 1,000 கிலோமீட்டர் ஆகியும் முறுக்கும்போது நீலப்புகை, பிளக்கில் ஈரக் கரி, மூச்சுக் குழாயில் ஆயில் சொட்டு. அது கிளேஸ். சில நாள் நல்ல சுமையோடு, ஏற்ற இறக்கமான சாலையில் ஓட்டிப் பார்க்கலாம். சில இன்ஜின்கள் திருந்தும். திருந்தாவிட்டால் திறந்து லேசாக ஹோன் போட்டு, புது ரிங் மாட்டுவதைத் தவிர வழியில்லை.

என் வண்டியில் இரண்டாவது ஆயிலை 500 கிலோமீட்டரில் எடுத்தோம். அதுவரை இருநூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை குச்சியைப் பார்த்து வந்தேன். முக்கால் லிட்டர் சொச்சத்தில் நூற்றைம்பது மில்லி குறைந்தாலே கவலைக்குரியது. முதல் இருநூறில் கொஞ்சம் இறங்கியது, பிறகு நின்றது. வடித்தபோது நிறம் கறுத்திருந்தது, மினுக்கம் அநேகமாக இல்லை. காந்தத்தை இந்த முறை மெக்கானிக்கே கேட்டு வாங்கி அலசினார். நுனியில் மட்டும் மெல்லிய கருப்பு. பக்கத்தில் வேறொருவரின் வண்டி, அன்றுதான் போர் முடிந்து, ஐடிலில் ஓடிக்கொண்டிருந்தது. அவர் போய் அதை நிறுத்திவிட்டு, "சார், அந்த ரோடு எது சொன்னீங்க, டீக்கடை இருக்கே?" என்று கேட்டார்.